தாது வருஷப் பஞ்சக் கட்டுரை: மைய வாதம் எங்கே நின்றது, எங்கே நழுவியது

பின்னணி

ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையில் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இன்டர்னல் தேர்வின் ஒரு பகுதியாகக் கட்டுரை ஒன்று உண்டு. தமிழ் வழி வகுப்பு. அந்தப் பருவத்துக்குக் கொடுத்த வினா இது: 1876–78 பஞ்ச காலத்தில் சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்ட நிவாரண முடிவு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று வாதிட்டு எழுதுக. மொத்தம் 20 மதிப்பெண். அதில் 5 ‘தெளிவான மைய வாதம்’ என்ற தலைப்பில் வரும். ஆங்கில வழி வகுப்பில் தீசிஸ் ஸ்டேட்மென்ட் என்பார்களே, அதுதான்.

ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் திருத்துவார்கள். ஒரு தலைப்பில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளிடம் போகும். ஒரு மாணவியின் கட்டுரை அப்படித்தான் என் மேசைக்கு வந்தது. மைய வாதத்துக்கு முதல் திருத்துநர் போட்டது 5. இரண்டாமவர் போட்டது 1. மற்ற தலைப்புகளில் இருவரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போட்டிருந்தார்கள்.

கட்டுரையின் பொருளைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் தீர்ப்புகள் புரியாது. 1876இல் மழை பொய்த்து, நம் ஊர்ப்பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லப்படும் கொடும் பஞ்சம் வந்தது. சென்னை மாகாண அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், செலவைக் கட்டுக்குள் கொண்டுவர ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமப்பவருக்கு அது போதாது, ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களிலேயே மாகாண அரசு கூலியை ஓரளவு உயர்த்தியது.

இன்னொரு விஷயமும் வேண்டும். இதே டெம்பிள் 1873–74இல் பீகார் பஞ்சத்தை எதிர்கொண்டபோது பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி வரவழைத்தவர். அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. ஆனால் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற கண்டனம் அதிகார வட்டாரத்தில் அவர்மேல் விழுந்தது. அதே மனிதர் மூன்று ஆண்டுகளுக்குள் சென்னையில் ஒரு ராத்தலோடு நின்றது ஏன் என்ற கேள்வி, இளங்கலை மாணவர் ஒருவருக்கு அருமையான கேள்வி.

கட்டுரையின் மைய வாதம்

மாணவி முதல் பத்தியின் கடைசியில் எழுதியிருந்தது:

“1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை ஒரு ராத்தல் தானியமாகவும் ஒரு அணாவாகவும் குறைத்தது, அந்த அளவு உணவு போதாது என்பது தெரியாமல் அல்ல, பீகார் பஞ்சத்தில் அதிகம் செலவழித்ததாகத் தன்மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ளத்தான்.”

முதல் திருத்துநர் ஓரத்தில் “இந்த ஆண்டு வந்ததிலேயே கூர்மையான வாக்கியம்” என்று எழுதியிருந்தார். அதில் எனக்கும் மறுப்பில்லை. இரண்டாமவர் எழுதியது: “ஒருவர் மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பது? இது வாதம் அல்ல, ஊகம். மீதி எல்லாம் நடந்த கதை.”

இருவர் எழுதியதையும் சேர்த்துப் படித்தபோது, இருவரும் வேறு வேறு பொருளுக்கு மதிப்பெண் போட்டிருப்பது தெரிந்தது. முதலாமவர் அந்த ஒரு வாக்கியத்துக்குப் போட்டார். இரண்டாமவர் முழுக் கட்டுரைக்குப் போட்டார். ஆனால் தான் கண்ட குறைக்கான காரணத்தை வாக்கியத்தின் மேல் ஏற்றிவிட்டார். அதனால் மூன்று கேள்விகளையும் பிரித்துத் தனித்தனியாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்: இதை மறுக்க முடியுமா, இது குறிப்பாக இருக்கிறதா, கட்டுரை இதைக் கடைசிவரை தாங்குகிறதா.

மறுக்க முடியுமா

இரண்டாமவரின் ஆட்சேபத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். நோக்கத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம் என்றால் வரலாற்றுத் துறையில் பாதிக் கட்டுரைகளை எழுதவே முடியாது. ஒரு கூற்று வாதத்துக்கு உரியதா என்று பார்க்க, அதை முழுதாக நிரூபிக்க முடியுமா என்று கேட்கத் தேவையில்லை. விஷயம் தெரிந்த ஒருவர், கையில் சான்றோடு, எதிர்ப்பக்கம் நின்று பேச முடியுமா என்று கேட்டால் போதும்.

இங்கே முடியும். ஒருவர் சொல்லலாம்: டெம்பிள் கல்கத்தாவின் கருவி மட்டுமே, சிக்கனம் லிட்டன் அரசின் கொள்கை, யாரை அனுப்பியிருந்தாலும் கூலி குறைந்திருக்கும். இன்னொருவர் சொல்லலாம்: டெம்பிள் ஒரு ராத்தல் போதும் என்று உண்மையாகவே நம்பினார், அன்றைய உணவு அறிவு அவ்வளவுதான். இரண்டுமே அபத்தமான எதிர்வாதங்கள் அல்ல. ஆகவே மாணவியின் வாக்கியம் இந்தக் கேள்வியில் தேறுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே கட்டிலிருந்து வேறொரு கட்டுரையின் வாக்கியத்தை எடுத்தேன்: “தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் மடிந்ததற்கு ஆங்கிலேய ஆட்சியின் அலட்சியமே காரணம்.” இதை எழுதியவர் கோபத்தோடு எழுதியிருக்கிறார், அந்தக் கோபம் நியாயமானதும்கூட. ஆனால் அந்த வகுப்பறையில் இதை மறுத்து எழுந்து நிற்க ஒருவரும் இல்லை. ‘அலட்சியம்’ என்பதை எப்படி வேண்டுமானாலும் விரித்துக்கொள்ளலாம் என்பதால் எந்தச் சான்றும் இதற்கு எதிராகப் போகாது. எதிராக ஒரு சான்றுகூட வர முடியாத வாக்கியத்துக்காக ஒரு பத்திகூட உழைக்க வேண்டியதில்லை.

குறிப்பாக இருக்கிறதா

ஆள் பெயர், ஆண்டு, அளவு எல்லாம் இருந்துவிட்டால் வாக்கியம் குறிப்பானது என்று திருத்துகிறவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். நான் அதோடு நிறுத்துவதில்லை. வாக்கியம் எதை விலக்குகிறது என்று பார்ப்பேன். இந்த வாக்கியம் ஒரு விளக்கத்தை வெளிப்படையாக விலக்குகிறது: தெரியாமை. இன்னொன்றைச் சொல்லாமலேயே விலக்குகிறது: மேலிடத்து உத்தரவு. பழியைத் துடைக்கத்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டதால், வேறு எந்தக் காரணத்துக்கும் இடம் வைக்கவில்லை.

அந்த வகையில் வாக்கியம் மிகவும் குறிப்பானது. தேவைக்கு மேலேயே குறிப்பானது என்றும் சொல்லலாம். ஒரே காரணம் என்று சொல்கிறவர் மற்ற காரணங்கள் ஒவ்வொன்றையும் தள்ளிக்காட்டும் பொறுப்பை ஏற்கிறார். ஆனால் அதற்காக இந்த இடத்தில் மதிப்பெண் குறைக்கவில்லை. பொறுப்பை ஏற்றது இங்கே பலம். அதை நிறைவேற்றினாரா என்பது அடுத்த கேள்வி.

கடைசிவரை தாங்குகிறதா

இதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும். கட்டுரையை மறுபடி படிக்கும்போது, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது எதை நிறுவுகிறது என்று ஒரு வரி எழுதுவது. எதைப் பற்றிப் பேசுகிறது என்று எழுதினால் பயனில்லை. ‘கார்னிஷ் பற்றி’ என்று எழுதினால் எல்லாப் பத்தியும் பொருத்தமாகவே தோன்றும். ‘கார்னிஷ் எச்சரித்த பிறகும் டெம்பிள் மாறவில்லை என்று காட்டுகிறது’ என்று எழுதும்போதுதான் அது மைய வாதத்தின் எந்தப் பகுதியைச் சுமக்கிறது என்பது வெளியே வரும்.

கட்டுரையில் பதினான்கு பத்திகள். இரண்டும் மூன்றும் மழை பொய்த்ததையும் விலை ஏறியதையும் சொல்கின்றன. நான்காவது, மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் அரசு தானே தானியம் வாங்க முயன்றதையும் வைஸ்ராயின் அரசு அதை ஏற்கவில்லை என்பதையும் சொல்கிறது. ஐந்தாவது நிவாரண வேலைகள். ஆறாவது டெம்பிள் வந்தது, சிக்கனம் வேண்டும் என்று லிட்டன் அரசு அவருக்கு அறிவுறுத்தியது. ஏழு, கூலிக் குறைப்பு. எட்டு, கார்னிஷின் எதிர்ப்பு. ஒன்பது, வேலைக்களத்தில் மக்கள் நலிந்தது. பத்து, பீகார். பதினொன்று, பஞ்ச காலத்திலும் தானியம் ஏற்றுமதியானது. பன்னிரண்டு, கூலி உயர்வு. பதின்மூன்று, 1880 பஞ்ச ஆணையமும் அதன்பின் வந்த பஞ்ச விதிமுறைகளும். கடைசிப் பத்தி முடிவு: “இவ்வாறு காலனிய ஆட்சி இந்தியர் உயிரைவிட வருவாயையே பெரிதாக மதித்தது.”

மைய வாதத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. கூலி குறைக்கப்பட்டது, அது போதாத கூலி என்பது முதல் பகுதி. இன்ன காரணத்தால், இன்ன காரணத்தால் அல்ல என்பது இரண்டாம் பகுதி. முதல் பகுதியை மறுப்பவர் யாரும் இல்லை. சண்டை முழுக்க இரண்டாம் பகுதியில்தான். ஆனால் பத்திகளின் உழைப்பு பெரும்பாலும் முதல் பகுதிக்கே போயிருந்தது. போதாத கூலி என்பதற்கு மட்டும் மூன்று பத்திகள். காரணத்துக்கு ஒன்றரைப் பத்தி: பத்தாவது முழுதாக, எட்டாவது பாதியாக.

அந்த ஒன்றரையையும் கிட்டே போய்ப் பார்த்தேன். பத்தாவது பத்தி பீகாரில் நடந்ததைச் சரியாகவே சொல்கிறது: அரிசி இறக்குமதி, குறைந்த சாவு, அதன்பின் கண்டனம். அடுத்த வரி, “இதனால்தான் சென்னையில் அவர் கஞ்சத்தனம் காட்டினார்.” இடையில் ஒன்றுமே இல்லை. பீகார் முன்னால் நடந்தது, சென்னை பின்னால் நடந்தது என்பதைத் தவிர, முன்னது பின்னதைத் தள்ளியது என்று காட்ட ஒரு வரியும் இல்லை. பீகாரில் டெம்பிள் என்ன அளவில் உதவி கொடுத்தார், சென்னையில் எதை மாற்றினார், அந்த மாற்றம் கண்டனத்தில் சொல்லப்பட்ட அதே விஷயங்களைத் தொடுகிறதா என்று பார்த்திருந்தால் அதுவே ஒரு பாலமாகியிருக்கும்.

எட்டாவது பத்தியில் வேறு வகைச் சிக்கல். டெம்பிளுக்குத் தெரியாமல் இல்லை என்பதற்குக் கார்னிஷின் எதிர்ப்பைச் சான்றாக வைக்கிறார். ஆனால் கார்னிஷ் எதிர்த்தது கூலி குறைக்கப்பட்ட பிறகு. குறைத்ததைத் தெரிந்தும் விடாமல் பிடித்துக்கொண்டார் என்று வேண்டுமானால் அது காட்டும். ஜனவரியில் குறைக்கும்போதே தெரியும் என்று காட்டாது. மைய வாதமோ குறைத்ததைப் பற்றித்தான் பேசுகிறது. இது சிறிய வழுக்கல்தான், திருத்துகிறவர் வேகமாகப் படித்தால் கண்ணில் படாது. சான்றின் தேதியையும் கூற்றின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும்.

இவற்றைவிடப் பெரிய விஷயம் நான்காவது பத்தியிலும் ஆறாவது பத்தியிலும் இருந்தது. மாகாண அரசின் தானியக் கொள்முதலை வைஸ்ராயின் அரசு ஏற்கவில்லை. டெம்பிளுக்கும் சிக்கன அறிவுறுத்தல் கொடுத்தே அனுப்பியது. இவை இரண்டும் மாணவியின் எதிராளி கையில் இருக்க வேண்டிய சான்றுகள். டெம்பிள் வருமுன்பே கல்கத்தா சிக்கனத்தில் நின்றது என்றால், டெம்பிளின் சொந்தப் பழியை இழுக்காமலேயே கூலிக் குறைப்பை விளக்கிவிடலாம். மாணவி இந்த இரண்டையும் தானே கொண்டுவந்து வைத்து, பதில் சொல்லாமல் கடந்து போயிருந்தார். கட்டுரை தன் சொந்த வாதத்துக்கு எதிரான வாதத்தை அதைவிட நன்றாகத் தாங்கியது. எதிர்ச்சான்று இருப்பது குற்றமில்லை. நல்ல கட்டுரையில் அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது எதிர்ச்சான்று என்று எழுதியவருக்குத் தெரிந்திருப்பதற்கான அடையாளம் எங்கும் இல்லை.

கடைசிப் பத்தியில் டெம்பிள் பெயரே வரவில்லை.

ஏன் இப்படி ஆனது

துறையில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கட்டுரை எழுதுமுன் மாணவர்கள் கொடுக்கும் முன்மொழிவுத் தாளைக் கோப்பில் வைத்திருப்பார்கள். அதை வாங்கிப் பார்த்தேன். மாணவி முதலில் எழுதியிருந்த மைய வாதம், “ஆங்கிலேய அரசு வருவாயை மட்டுமே கருதியதால் சென்னை மாகாணத்தில் பஞ்ச நிவாரணம் தோல்வி அடைந்தது.” வழிகாட்டி ஆசிரியர் பக்கத்தில் “மிகப் பொது. ஒரு ஆள், ஒரு முடிவு, ஒரு காரணம் என்று சுருக்குக” என்று எழுதியிருந்தார். சரியான அறிவுரை. மாணவி அதைக் கேட்டு வாக்கியத்தைச் சுருக்கினார், கட்டுரையைச் சுருக்கவில்லை. பழைய வாதத்துக்காக எழுதிய பத்திகள் அப்படியே இருக்க, முதல் பத்தியின் கடைசி வாக்கியம் மட்டும் மாறியது. பத்தாவது பத்தி பிறகு சொருகப்பட்டது.

இது தெரிந்த பிறகு கட்டுரையில் வேறு தடயங்களும் கண்ணில் பட்டன. ‘ஆங்கிலேய அரசு’, ‘வருவாய்’ என்ற சொற்கள் ஏறக்குறைய ஒவ்வொரு பத்தியின் முதல் வரியிலும் வருகின்றன. ‘பழி’, ‘கண்டனம்’, ‘பீகார்’ மூன்றும் முதல் பத்தியிலும் பத்தாவதிலும் மட்டும். கணினியில் அடித்த கட்டுரை என்றால் தேடிப் பார்க்கவே சில நொடிதான் ஆகும். மைய வாதத்தின் முக்கியச் சொல் நடுவே காணாமல் போனால் மட்டும் வாதம் நழுவிவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது. ஒரே கருத்தை வேறு சொல்லில் நன்றாகத் தொடர்ந்தவர்களும் உண்டு. எங்கே மறுபடி படிக்க வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும் அது உதவும்.

எடுத்த முடிவு

மைய வாதத்துக்கு 3 போட்டேன். 5க்கும் 1க்கும் நடுவில் 3 என்பது சமரசம் போலத் தோன்றும் என்று தெரிந்தே காரணத்தையும் எழுதி வைத்தேன்: மறுக்கத்தக்கதாக இருப்பதற்கு 1, குறிப்பாக இருப்பதற்கு 1, தாங்கியதற்கு மூன்றில் 1. தாங்குவதற்கு மூன்று ஒதுக்கக் காரணம், மற்ற இரண்டையும் ஒரு நல்ல வழிகாட்டி ஒரு வரிக் குறிப்பில் மாணவருக்குக் கொடுத்துவிட முடியும். இந்தக் கட்டுரையிலேயே அப்படித்தான் நடந்திருக்கிறது. தாங்குவது மட்டும் எழுதியவரின் சொந்த உழைப்பில்தான் வரும்.

முடிவுப் பத்தியில் இருந்த வாதத்தையே கட்டுரையின் மைய வாதம் என்று எடுத்துக்கொள்ளலாமே என்று முதல் திருத்துநர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எழுதி எழுதித்தான் பலர் தங்கள் வாதத்தைக் கண்டடைகிறார்கள். கடைசிப் பத்தியில் முதல் பத்தியைவிட நல்ல வாதம் கிடக்கும் கட்டுரைகளை நானும் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் மாணவரைக் கூப்பிட்டு அதை மேலே ஏற்றச் சொல்வேன். இங்கே முடிவில் இருந்தது முன்மொழிவுத் தாளின் பழைய வாக்கியம், ஒருமுறை பொதுவானது என்று தள்ளப்பட்டது. அதனால் அதை ஏற்கவில்லை.

திருத்தி மறுபடி கொடுக்க விதியில் இடம் இருந்தது. மாணவியை அழைத்துப் பேசினோம். குறைகளின் பட்டியலைக் கொடுக்கவில்லை. ஒரு கேள்வியோடு தொடங்கினேன்.

“பத்தாவது பத்தியை எடுத்துட்டா கட்டுரையில என்னம்மா குறையும்?”

கொஞ்சம் புரட்டிப் பார்த்தார். “பீகார் போயிரும் சார். மத்ததெல்லாம் அப்படியே நிக்கும்.”

“முதல் பத்தியோட கடைசி வாக்கியம்?”

“அது…” என்று இழுத்தார். “அது நிக்காது சார். அதுக்கு வேற எங்கயும் ஆதாரம் இல்ல.”

அதற்குப் பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வழிகளை வைத்தேன். வாக்கியத்தை வைத்துக்கொண்டு கட்டுரையை மாற்றலாம்: டெம்பிளின் நோக்கத்துக்கான சான்றைத் தேடி, லிட்டனின் உத்தரவு என்ற விளக்கத்தைத் தள்ளிக் காட்ட வேண்டும். அல்லது கட்டுரையில் உள்ள சான்று எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு வாக்கியத்தை இறக்கலாம். முதல் வழிக்கு அரசுக் கடிதங்களுக்குள் போக வேண்டும். அந்தப் பருவத்தில் மிச்சம் இருந்த நாட்களில் இளங்கலை மாணவியால் அது ஆகிற காரியம் இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் முதல் வழியைத்தான் எடுத்திருப்பார்.

தொடர்ந்து நடந்தது

திருத்திய கட்டுரை இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒரு பாதை பிடித்து வந்தது. புதிய மைய வாதம்:

“1877இல் சிக்கனம் என்ற திசையை லிட்டனின் அரசு காட்டியது, ஆனால் அந்தத் திசையில் டெம்பிள் ஒரு ராத்தல் வரை இறங்கியதையும், கார்னிஷ் எச்சரித்த பிறகும் அதை நியாயப்படுத்தியதையும் உத்தரவு மட்டும் விளக்காது, பீகாரில் வாங்கிய கண்டனத்தையும் சேர்த்தால்தான் விளங்கும்.”

நீளமான வாக்கியம், பழையதன் வெட்டு இதில் இல்லை. ஆனால் எதிராளியின் கையில் இருந்த சான்றுகள் இப்போது மாணவியின் கையில் இருந்தன. தானியக் கொள்முதல் பத்தியும் சிக்கன அறிவுறுத்தல் பத்தியும் முன்னால் வந்து, உத்தரவு எவ்வளவு தூரம் விளக்குகிறது என்று காட்டின. அதன்பிறகு கேள்வி: சிக்கனம் செய் என்பது உத்தரவு, ஒரு ராத்தல் என்ற அளவு எங்கிருந்து வந்தது? பீகார் அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது. இரண்டு பஞ்சங்களிலும் டெம்பிள் செய்ததைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டிருந்தார். கார்னிஷ் பத்தியின் தேதிச் சிக்கலும் தீர்ந்தது. எதிர்ப்பு இப்போது குறைத்ததற்குச் சான்றாக இல்லை, விடாமல் பிடித்ததற்குச் சான்றாக நின்றது. மழை, விலை பற்றிய இரண்டு பத்திகளும் மூன்று வரிகளாகச் சுருங்கின. ஏற்றுமதிப் பத்தியை எடுத்துவிட்டார். அதில் அவருக்கு வருத்தம். நிறையத் தேடி எழுதிய பத்தி.

ஒரு இடம் இன்னும் தளர்வாகவே இருந்தது. டெம்பிள் ஒரு ராத்தல் போதும் என்று மனதார நம்பியிருக்கலாம் என்ற எதிர்வாதத்தை ஒரே வரியில், “அப்படி நம்பியிருக்க வாய்ப்பில்லை” என்று தள்ளியிருந்தார். ஏன் வாய்ப்பில்லை என்று சொல்லவில்லை. மைய வாதத்துக்கு 4 கிடைத்தது.

இரண்டு திருத்துநர்களும் முழுதாக ஒத்துப்போகவில்லை. பழைய வாக்கியத்தில் இருந்த துணிச்சல் போய்விட்டது, சேர்த்தால்தான் விளங்கும் என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சு என்று முதலாமவர் சொன்னார். புதிய வாக்கியத்தையும் ஒருவர் மறுக்க முடியும், உத்தரவு மட்டுமே போதுமான விளக்கம் என்று வாதிட முடியும், ஆகவே துணிச்சல் எங்கும் போகவில்லை என்பது என் பதில். இரண்டாமவர் நோக்கம் பற்றிய வாதங்களை இன்னமும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். ஆனால் எதற்காக மதிப்பெண் குறைக்கிறோம் என்பதில் இப்போது குழப்பம் இல்லை.

மாற்றியவை

‘தெளிவான மைய வாதம் – 5’ என்ற ஒற்றை வரியைத் துறை மூன்றாகப் பிரித்தது, நான் போட்ட அதே அளவில். மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருப்பதால், வாக்கியத்தின் அழகுக்கு மட்டும் முழு மதிப்பெண் போக இப்போது வழியில்லை. திருத்துகிறவர் தாங்குதல் என்ற கட்டத்தில் எண்ணைப் போடுமுன், மைய வாதத்தின் எந்தப் பகுதியில் கருத்து வேறுபாடு இருக்கிறது, எந்தப் பத்திகள் அந்தப் பகுதிக்கு உழைக்கின்றன என்று பத்தி எண்களைக் குறிக்க வேண்டும்.

முன்மொழிவுத் தாளிலும் ஒரு மாற்றம். வழிகாட்டி மைய வாதத்தை மாற்றச் சொன்னால், மாணவர் புதிய வாக்கியத்தோடு கூடவே, எழுதிய பத்திகளில் எவை நிற்கும், எவை போகும் என்றும் எழுதித் தர வேண்டும். ஒன்றுகூடப் போகவில்லை என்று யாராவது எழுதினால் அந்தத் தாளை வழிகாட்டி திருப்பி அனுப்புவார்.

ஒரு யோசனையை மட்டும் ஏற்கவில்லை. ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியிலும் மைய வாதத்தை மறுபடி சொல்ல வைக்கலாம், அப்போது நழுவாது என்று ஒருவர் சொன்னார். இந்த மாணவியின் முதல் கட்டுரையில் அதைச் செய்திருந்தால் பதினான்கு பத்திகளிலும் ‘பழி’ வந்திருக்கும், ஆதாரம் பழையபடி பத்தாவது பத்தியில் மட்டுமே இருந்திருக்கும், இரண்டாவது திருத்துநருக்கும் அது கண்ணில் படாமல் போயிருக்கும்.

தேர்வு மண்டபத்தில் எழுதும் இரண்டு பக்க விடைகளுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே மைய வாதத்தை எழுதத் தொடங்கிய பிறகு மாற்ற நேரமே கிடையாது, நான்கைந்து பத்திகளில் நழுவவும் இடம் குறைவு. அந்த விடைத்தாள்களுக்குப் பழைய ஒற்றை வரியே தொடர்கிறது.